பிரேக் ஆயில் எவ்வளவு

பம்பாயிலிருந்து மலையேறி வந்தால் வருகிற நிக்டியில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் கீழ்வீட்டில் ஒரு நாகர்கோவில் குடும்பம் இருந்தது. நாங்கள் அண்ணன் என்று கூப்பிடும் வீட்டுக்காரர் கப்பலில் எஞ்சினியராக இருந்தவர். அவர் மனைவி, எங்களுக்கு அக்கா, பக்கத்துச் சிஞ்ச்வடில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வரிசையில் தமிழ் பேசுகிற வீடு எங்கள் இரண்டும்தான். அதனால் சாம்பார்ப் பொடியும் குழந்தைகளும் மாடிக்கும் கீழுக்கும் போய் வந்துகொண்டே இருக்கும்.

அண்ணனிடம் ஒரு ஜப்பான் மோட்டார் சைக்கிள் இருந்தது. கப்பலிலேயே ஏற்றிக் கொண்டுவந்தது. ஆகுர்டி கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் ஷிப்டு முடிந்து போகும் வழியில் அதைப் பார்ப்பதற்கென்றே நிற்பார்கள். எங்கள் ஊர் ஸ்கூட்டர், பைக் எல்லாவற்றிலும் பிரேக் என்றால் கம்பிதான். இதிலோ முன் சக்கரத்தில் பளபளவென்று ஒரு இரும்புத் தட்டு, ஹாண்டில்பாரில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு டப்பா, அதிலிருந்து கறுப்புக் குழாய். "காருக்கு மாதிரி இதுக்கும் ஆயில் பிரேக்" என்று அண்ணன் சொல்வார். பின் சக்கரத்துக்கு மட்டும் எல்லா வண்டியையும்போல் சாதாரண பிரேக்.

அவருக்குப் பக்கவாதம் வந்தது ஒரு கோடையில். வலது கையும் காலும் சுரணையற்றுப் போயின. பேச்சும் குழறிப்போனது. தண்ணீர் வேண்டுமென்றால் டீ என்பார். செருப்பைக் காட்டி 'சாவி' என்பார். தப்பு என்று அவருக்கே தெரியும், முகம் சுருங்கிவிடும். ஆரம்பத்தில் அக்கா பொறுமையாகத் திரும்பத் திரும்பக் கேட்பார். மாதங்கள் போகப் போக, வீட்டு வேலை, ஆஸ்பத்திரி நைட் டூட்டி எல்லாவற்றுக்கும் நடுவில், அண்ணன் வாயைத் திறந்ததுமே இதுதான் வேண்டுமாயிருக்கும் என்று தானே முடிவுசெய்துகொள்ளப் பழகிவிட்டார். நாங்களும் அப்படித்தான்.

பம்பாயில் ஒரு பெரிய டாக்டர் அவரைப் பார்ப்பதாக ஏற்பாடு ஆயிற்று. ரயிலில் ஏற்றி இறக்குவது சிரமம். எங்களிடம் பழைய சின்னக் கார் ஒன்று இருந்தது. அதில் கூட்டிப்போவதாக என் கணவர் சொன்னார். ஆனால் அதற்கு முன் ஒரு வேலை பாக்கியிருந்தது. அந்த வருஷமே ஒருமுறை பம்பாய் வழியில் உள்ள கண்டாலா மலையில் இறங்கும்போது, மிதித்துக்கொண்டே வந்ததில், பிரேக் பெடல் திடீரென்று தரைவரை போய்விட்டது. கியரை இறக்கி, ஹாண்ட் பிரேக்கைப் பிடித்து, எப்படியோ மண்மேட்டோரம் நிறுத்தினார். கொஞ்ச நேரம் ஆறவிட்டதும் பிரேக் தானாகத் திரும்பி வந்தது. அடிவாரத்தில் ஒரு மெக்கானிக் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, ஆயிலை மாற்றியே பல வருஷம் இருக்கும், காற்றிலிருக்கும் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும், சூடேறினால் அந்த ஈரம் கொதித்து ஆவியாகிவிடும், ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும், அதனால் பெடல் உள்ளே போகிறது என்று விளக்கினார். முழுசாகப் பழசை வெளியேற்றிப் புதுசு விடவேண்டும் என்று சொல்லி, எப்படிச் செய்வது என்பதையும் காட்டினார்.

அதே சமயம் அக்கா மோட்டார் சைக்கிளை விற்க முடிவு செய்திருந்தார். நகரத்துக்குள் டெக்கான் பக்கத்திலிருந்து ஒரு பையன் பார்த்துவிட்டுப் போனான். முன் பிரேக் லீவர் அமுக்கினால் கைப்பிடிவரை போய்விடும்படி தளர்ந்து கிடந்தது. சரிசெய்யாமல் கொடுப்பதில் அண்ணனுக்கு இஷ்டமில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது. வண்டியைக் காட்டும்போதெல்லாம் இடது கையால் அந்த லீவரை அமுக்கிக் காட்டித் தலையை ஆட்டுவார்.

"இரண்டையும் சனிக்கிழமை மதியம் செஞ்சிடலாம்" என்றார் என் கணவர். "நீயும் அக்காவும் நானா பேட்ல வண்டிச் சாமான் விக்கிற கடைத்தெருவுக்குப் போய் ஆயில் வாங்கிட்டு வந்துடுங்க. சீல் உடைக்காத டப்பாவா பாத்து வாங்கணும்."

"எவ்வளவு வாங்கறது?"

"எனக்கென்ன தெரியும், நான் இதுவரைக்கும் மேல கொஞ்சம் ஊத்தியிருக்கேன், அவ்வளவுதான். அண்ணனைக் கேளு."

அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கேட்டேன். அவர் யோசித்தார். மோட்டார் சைக்கிளைக் காட்டி, "சின்னது" என்றார். பிறகு எங்கள் காரைக் காட்டி, வாயைத் திறந்து மூடி, வெகுநேரம் கழித்து, "பெரிசு" என்றார்.

அக்கா உள்ளேயிருந்து கைப்பையோடு வந்தார். "மாத்திச் சொல்லுதாங்க" என்றார் மெல்ல. "இப்பல்லாம் அப்படித்தான். பெரிசுன்னா சின்னது, சின்னதுன்னா பெரிசு. காலையில கூட சின்னத் துண்டு வேணும்னு கேட்டு, எடுத்துக் குடுத்தா வேண்டாம்னு பெரிய துண்டைக் காட்டுதாங்க."

எனக்கும் அது பொருத்தமாகவே பட்டது. அந்த மோட்டார் சைக்கிள் யானைக்குட்டி மாதிரி இருக்கும். எங்கள் காரோ, நாலு பேர் உட்கார்ந்தால் மூச்சுவிட முடியாது. அண்ணன் திரும்பவும் கையைத் தூக்கினார். "சரிங்க, சரிங்க, வாங்கிட்டு வந்திருதோம்" என்று அக்கா அவர் தோளைத் தட்டிவிட்டு நடந்தார். பஸ் வந்துவிட்டது.

நானா பேட்டில் கடைக்காரர் "கித்னா சாஹியே?", எவ்வளவு வேண்டும், என்று கேட்டபோது நாங்கள் தடுமாறவில்லை. மோட்டார் சைக்கிளுக்கு ஒரு லிட்டர் டப்பா, காருக்குக் கால் லிட்டர் பாட்டில். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே தரம். எந்த வண்டிக்கு எது என்று அவர் கேட்கவும் இல்லை, நாங்கள் சொல்லவும் இல்லை.

சனிக்கிழமை காரை முதலில் எடுத்துக்கொண்டோம். பாட்டிலைப் பார்த்து என் கணவர், "இது போதுமா?" என்றார். "அண்ணன் சொன்னாரு" என்றேன். என் கணவர் ஸ்டெதஸ்கோப் குழாய் மாதிரி ஒரு மெல்லிய குழாயை அக்காவிடம் வாங்கி வைத்திருந்தார். பானெட்டுக்குள் இருக்கும் மேல் டப்பாவில் இருந்த பழைய ஆயிலை ஊசி போடும் பெரிய சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தார். கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தது. புதுசை ஊற்றினார். பாட்டிலில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விட்டது.

என் வேலை உள்ளே உட்கார்ந்து மிதிப்பது. பெடலிலிருந்து தூரமான சக்கரம் முதலில், அதாவது இடது பின்சக்கரம். "மிதி" என்றால் மிதித்து அப்படியே அழுத்திப் பிடித்திருக்கவேண்டும். அவர் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள சின்ன நிப்பிளைத் திறப்பார், குழாய் வழியாகப் பழைய ஆயில் ஜாம் பாட்டிலுக்குள் வடியும். மூடியபின் "விடு" என்பார். அப்போதுதான் காலை எடுக்கவேண்டும். அக்கா பானெட்டுக்குப் பக்கத்தில் நின்று மேல் டப்பா இறங்க இறங்க ஊற்றிக்கொண்டிருந்தார்.

"தம்பி, பாட்டில் தீந்துட்டு" என்றார் அக்கா.

முதல் சக்கரத்திலேயே இன்னும் காப்பி நிறம்தான் வந்துகொண்டிருந்தது. மூன்று சக்கரம் தொடவே இல்லை. என் கணவர் எழுந்து வந்து பார்த்தார். "போதும், மிதிக்காதே. மேல காலியாச்சுன்னா காத்து உள்ள போயிடும். அப்புறம் மறுபடி முதல்லேருந்து." கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றார். கடை அன்று மதியத்தோடு மூடிவிடும், ஞாயிறும் திறக்காது. லிட்டர் டப்பாவில் கைவைத்தால் மோட்டார் சைக்கிளுக்குப் போதாது என்றே நினைத்தோம். திங்கட்கிழமை காலையில் பம்பாயில் டாக்டர்.

அப்போது அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது காலை இழுத்துக்கொண்டு வந்தார். அக்கா ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்தார். அவர் இடது கையால் விலக்கிவிட்டு, மோட்டார் சைக்கிள் சீட்டின்மேல் இருந்த லிட்டர் டப்பாவை எடுத்தார். அதைக் காருக்குக் கொண்டுவந்து வைத்தார்.

"பெரிசு" என்றார். காரின் நான்கு சக்கரங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். பிறகு மோட்டார் சைக்கிளின் ஒரே ஒரு முன்சக்கரத்தையும், ஹாண்டில்பாரில் இருந்த அந்தச் சின்ன டப்பாவையும் காட்டினார். "சின்னது."

அக்கா கையிலிருந்த காலிப் பாட்டிலையும் அந்த லிட்டர் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அத்தான், அன்னிக்கே சரியாத்தான் சொன்னீங்களா?" என்று அவரைக் கேட்டார்.

அண்ணன் தலையசைத்தார். கோபம் இல்லை. களைத்துப்போயிருந்தார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். "நான் காதுல போட்டுக்கவே இல்லையே" என்று எனக்குக் கேட்கும்படி மட்டும் சொன்னார்.

லிட்டர் டப்பாவின் சீலை உடைத்தோம். இடது பின்சக்கரம் தெளிய அதிலிருந்து இன்னும் கொஞ்சம், அடுத்து வலது பின்சக்கரம், பிறகு இடது முன், கடைசியில் டிரைவர் பக்கத்து முன். ஒவ்வொன்றிலும் புதிய ஆயிலின் தெளிந்த நிறம் வரும்வரை விட்டோம். பெடல் என் காலுக்குக் கல்லாக நின்றது. டப்பாவில் பாதி மிச்சம்.

மோட்டார் சைக்கிளை அண்ணனே செய்வதாகக் காட்டினார். நாற்காலியை முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் போடச் சொன்னார். பெட்ரோல் டாங்க் மேல் ஈரத்துணி போடும்படி சைகை செய்தார். ஆயில் சொட்டினால் பெயிண்ட் உரிந்துவிடும். லீவர் வலது கைப் பக்கம். அதை அக்கா அமுக்கிப் பிடித்தார். அண்ணன் இடது கையில் சின்ன ஸ்பானரை வைத்துத் திறந்து மூடினார். முதல் தடவை ஸ்பானர் நழுவி விழுந்தது, என் கணவர் குனிந்தார். அண்ணன் "இல்ல" என்றார். தெளிவாக வந்த வார்த்தை அது. தானே எடுத்தார்.

"பிடி" என்பதற்குப் பதிலாக "கதவு" என்றார் ஒருமுறை. அக்கா அவசரப்படவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். "பிடி" என்று வந்தபின் பிடித்தார்.

மேலே அந்தச் சின்ன டப்பாவில் நாலைந்து ஸ்பூன்தான் கொள்ளும். நாலு தடவை அமுக்குவதற்குள் இறங்கிவிடும், நான் ஸ்பூனால் ஊற்றிக்கொண்டே இருந்தேன். பழசு போய்த் தெளிந்து, குமிழி நின்று, லீவர் இறுகியபோது நான் ஊற்றியது ஒரு காப்பி டம்ளர் அளவுகூட வராது. அந்தக் கால் லிட்டர் பாட்டிலே இதற்கு ஏராளம்.

மிஞ்சியதை எடுத்து வைக்கலாமா என்று கேட்டேன். "தண்ணி குடிக்கும்" என்றார் அண்ணன். சீல் உடைத்த ஆயில் மழைக்காலத்தில் அலமாரியில் இருந்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதை அவர் அப்படிச் சொன்னார். அக்கா சிரித்தார். இந்த முறை அவர் சொன்னது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது.

திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே கிளம்பினோம். மலையிறக்கத்தில் என் கணவர் இரண்டாவது கியரிலேயே இறக்கினார். பிரேக் கடைசிவரை உறுதியாக நின்றது. பின்சீட்டில் அக்கா அண்ணன் கையைப் பிடித்தபடி, வழியில் தெரிகிற ஒவ்வொன்றுக்கும் அவரைப் பெயர் சொல்லச் சொன்னார். லாரி. பாலம். குரங்கு. சிலது சரியாக வந்தது, சிலது வரவில்லை. பம்பாய் டாக்டரும் கடைசியில் அதையேதான் சொன்னார்: பேசவிடுங்கள், அவருக்காக நீங்கள் முடிக்காதீர்கள்.

பேச்சு முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் அடுத்த ஓணத்துக்கு நாகர்கோவிலுக்குப் போனபோது, ரயில் டிக்கெட்டைப் பரிசோதகரிடம் காட்டி பெர்த் விஷயத்தை அவரே பேசி முடித்தாராம். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, நடுவில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் உட்கார்ந்திருந்தாராம். அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது என்று திரும்பி வந்ததும் மாடிக்கு வந்து சொன்னார்.