ஊஞ்சல் இருந்த வீட்டின் விலாசம்

தி.நகரில் என் கடைக்குப் பின்னால் ஒரு பொதுச் சந்து உண்டு. அதில் நான் போட்ட இரும்புப் படிக்கட்டைப் பார்த்துவிட்டு, இது எந்த இன்ஜினீயர் போட்டது என்று கேட்காத ஆள் இல்லை. நான்தான் போட்டேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், சாக்பீஸால் தரையில் கோடு போட்டுக் காட்ட, வெல்டர் அப்படியே வளைத்தான். மேலே மாடியில் தையல் மிஷின்கள். ரவிக்கை தைக்கவும் புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கவும் பெண்கள் அந்தப் படியில்தான் ஏறுவார்கள். மாடிக்கு வேறு வழி கிடையாது. படி போனால் மாடி போச்சு, மாடி போனால் கடையில் பாதி போச்சு.

ஊரிலிருந்து வந்து அடுத்தவன் கடையில் துணி மடித்தவன் நான். பிறகு சொந்தக் கடை போட்டேன். பண்டிகைக் கூட்டத்தில் என் கடை வாசலில் கயிறு கட்டித்தான் ஆட்களை உள்ளே விடுவோம். இதை எழுதும்போதே கை தானாகப் பெருமையடிக்கிறது. அது பழகிப்போன கை.

பக்கத்துக் கட்டடத்தை வாங்கியவர் ஒரு பாய். சுடிதார் துணி மொத்த வியாபாரம். வந்த புதிதில் நன்றாகத்தான் பழகினோம். என் மகள் கல்யாணத்துக்கு அவருக்கு நானே நேரில் போய், பன்னீர் தெளித்த தட்டில் பத்திரிகை வைத்துக் கொடுத்தேன். கல்யாணத்துக்கும் வந்து சாப்பிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவருடைய லோடு வண்டி சந்துக்குள் திரும்ப முடியவில்லை என்று பேச்சு வந்தது.

"அண்ணாச்சி, உங்க படி பாதிச் சந்தை முழுங்கிக்கினு கீது. கொஞ்சம் தள்ளிப் போட்டுக்குங்களேன்" என்றார்.

"படியைத் தள்ள நான் என்ன ஏணியா வச்சிருக்கேன்?"

"அப்ப வக்கீலைப் பாக்க வேண்டியதுதான்."

"பாருங்க பாய். ஆனா ஒண்ணு. நோட்டீஸு கீட்டீஸுன்னு கடையில வந்து நீட்டாதீங்க, வியாபாரம் பண்ற இடம். எதுவானாலும் வீட்டுக்கு அனுப்புங்க. விலாசம் பத்திரிகையில இருக்கு."

கடைப் பையன்கள், வாடிக்கைக்காரர்கள் எல்லோரும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். பத்திரிகையில் இருந்த விலாசம் பெசன்ட் நகர், கடற்கரைக்குப் போகிற தெரு. முன்னால் தோட்டம், உள்ளே பித்தளைச் சங்கிலி போட்ட ஊஞ்சல்.

அந்த வீடு என்னுடையது அல்ல. சம்பந்தி வீட்டார் நிச்சயதார்த்தத்துக்கு வருகிறார்கள் என்று கல்யாணம் முடியும் மட்டும் வாடகைக்கு எடுத்தது. நான் குடியிருந்தது, இன்றும் குடியிருப்பது, ராயப்பேட்டையில் ஒரு ஒடுக்கமான சந்தில். வருகிறதையெல்லாம் கடையிலேயே போட்டவன் நான். வீடு வாங்கத் தோன்றவில்லை. ஆனால் வீடு இல்லாதவன் என்று சொல்லிக்கொள்ளவும் வாய் வரவில்லை. யார் வண்டியில் வந்தாலும் ஆஸ்பத்திரி முனையிலேயே இறங்கிக்கொள்வேன். "இங்கே ஒரு ஆளைப் பார்க்கணும்" என்பேன். பத்திரிகை அடிக்கும்போதே என் வீட்டுக்காரி சொன்னாள்:

"ஏங்க, அந்த விலாசத்தைப் போடாதீங்க. மண்டபத்து விலாசம் போதும்."

"உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

பாய் வீம்புக்காரர் இல்லை. நான் சொன்னதை அப்படியே நம்பினார். வக்கீல் நோட்டீஸ் அந்த வீட்டுக்குப் போய், கதவு பூட்டியிருக்கிறது என்று திரும்பி வந்தது. கேஸ் போட்டார். கோர்ட்டு சம்மனும் அங்கேயே போனது. சம்மன் கொண்டுபோன ஆளிடம் வாட்ச்மேன், "அப்படி ஒரு ஐயா இங்க இருந்தாரு, இப்ப ஊர்ல இல்ல" என்று சொல்லியிருக்கிறான். மறுபடி வந்து பார்த்தும் ஆள் இல்லை. கேட்டில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். சம்மன் சேர்ந்ததாகக் கோர்ட்டு எடுத்துக்கொண்டது. என் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், நான் இல்லை. எக்ஸ்பார்ட்டி, ஒருதலை விசாரணை. பாய் சாட்சி சொன்னார், படியை எடுக்கச் சொல்லித் தீர்ப்பு ஆனது. அதை நிறைவேற்றக் கேட்டுப் போட்ட மனுவின் நோட்டீஸும் அதே கேட்டில். அத்தனை நாளும் நானும் பாயும் தினமும் பத்தடி தூரத்தில் ஷட்டரைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தோம். பேச்சு மட்டும் இல்லை.

ஒரு நாள் காலையில் தீர்ப்பை நிறைவேற்ற வந்த கோர்ட்டு அமீனா, இரும்பு அறுக்கும் கேஸ் கட்டரோடு இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு சந்துக்குள் வந்து நின்றபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது.

"என்ன தீர்ப்பு? என்னைக் கேக்காம என்ன தீர்ப்பு?" என்று கத்தினேன்.

அமீனா காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். "உங்க வீட்டுல ஒட்டியிருக்குங்களே ஐயா. பெசன்ட் நகர்."

மேலே மிஷின் சத்தம் நின்று, பெண்கள் படி உச்சியில் வந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். இறங்கினால் மறுபடி ஏற முடியுமோ என்று அவர்களுக்குப் பயம். பாய்தான் அமீனாவைத் தள்ளிக் கூட்டிக்கொண்டுபோய் என்னவோ பேசினார். தீர்ப்பு வாங்கினவரே அவகாசம் கேட்கிறார் என்று எழுதிக்கொண்டு அமீனா போய்விட்டார். போகும்போது பாய் என்னைப் பார்த்து, "பொண்ணுங்க மேல இருக்கும்போது அறுக்க முடியுமா அண்ணாச்சி? சீக்கிரம் வக்கீலைப் பாருங்க" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

வக்கீலம்மாவுக்கு மயிலாப்பூரில் ஆபீஸ். நான் சொன்னதைப் பாதியிலேயே நிறுத்தினார்.

"ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கோ. சம்மன் ஒட்டினபோது அந்த ஆத்துல நீங்க குடியிருந்தேளா, இல்லையா?"

"அது வந்தும்மா..."

"வந்தும்மா எல்லாம் கோர்ட்டுல எடுபடாது. நீங்க அங்க இருந்தா சம்மன் சேர்ந்தது செல்லும், படி போயிடும். அங்க இல்லேன்னா சம்மன் உங்களுக்கு வரவேயில்லை. தீர்ப்பை ரத்து பண்ணச் சொல்லிக் கேக்கலாம். அமீனா வந்த அன்னிக்குத்தான் தெரியும்னா, அதுலேருந்து முப்பது நாளைக்குள்ள மனு போடணும். அதுவரைக்கும் படியைத் தொடக்கூடாதுன்னு ஸ்டே கேப்போம்."

"வெளியூர் போயிருந்தேன்னு சொல்லலாமா?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "நீங்க தினம் கடை திறந்ததை எதிர்க்கட்சிக்காரரே பார்த்திருக்கார். உண்மையைச் சொல்லப்போறேளா, படியை அறுக்க விடப்போறேளா?"

பிரமாண வாக்குமூலத்தில் எழுதினார்கள்: மேற்படி வீடு எனக்குச் சொந்தமானதல்ல, கல்யாணக் காலத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுத்தது. ராயப்பேட்டை விலாசத்துக்கு ரேஷன் கார்டு, பெசன்ட் நகர் வீட்டுக்கு வாடகை ஒப்பந்தம், இரண்டும் இணைத்தோம். வாக்குமூலம்தானே, கேஸ் கட்டுக்குள் கிடக்கும், யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

ஸ்டே கிடைத்தது. ஆனால் பாய் பக்கத்து வக்கீல் என்னைக் கூண்டில் ஏற்றி விசாரிக்க வேண்டும் என்றார். இதற்குள் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், சம்பந்தியிடம் போனில், "ஐகோர்ட்டு வளாகத்துல நம்ம கேஸ் நடக்குது, நான் பேசுறதை வந்து கேளுங்க" என்று ஒரு நாள் அளந்திருந்தேன். மனுஷர் நிஜமாகவே வந்துவிட்டார். சிட்டி சிவில் கோர்ட்டு ஹாலில் கடைசி பெஞ்சில், வெள்ளை வேட்டியில், எனக்கு ஒரு தண்ணீர் பாட்டிலும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்த்ததும் கையைத் தூக்கிக் காட்டினார்.

பாயின் வக்கீல் பத்திரிகையை எடுத்து நீட்டினார். பாய் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். மஞ்சள் தடவிய மூலை இன்னும் அப்படியே இருந்தது.

"இது நீங்க அடிச்ச பத்திரிகைதானே?"

"ஆமாங்க."

"இதுல 'எங்கள் இல்லம்'னு போட்டிருக்கே, அது யார் வீடு?"

கடைசி பெஞ்சைப் பார்த்தேன். சம்பந்தி முன்னால் சாய்ந்து காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அமீனா வந்த அன்று படி உச்சியில் நின்ற பெண்களின் முகங்களும் ஞாபகத்துக்கு வந்தன.

"என் வீடு இல்லைங்க."

நான் மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் டைப் அடிக்கிறவருக்காக ஜட்ஜ் ஐயா அதை எடுத்து, ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "மேற்படி வீடு என்னுடையது அல்ல." தட்டச்சுச் சத்தம். நான் ஒன்று முனக, அவர் அதையே சத்தமாகச் சொல்ல, என் பொய் ஒவ்வொன்றாக என் வாயிலிருந்தே எடுக்கப்பட்டு எல்லோருக்கும் காட்டப்பட்டது. "கல்யாணத்துக்காக வாடகைக்கு எடுத்தேன்." "நான் ராயப்பேட்டையில் வசிக்கிறேன்." "மற்றவர்கள் மதிக்க வேண்டும் என்பதற்காக அந்த விலாசத்தை அச்சிட்டேன்." கடைசி வரியை டைப் அடிக்கும்போது யாரோ சிரித்தார்கள்.

பிறகு எங்கள் வக்கீலம்மா பாயை விசாரித்தார். தினமும் பார்க்கிற கடை விலாசத்தை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டார்.

"அண்ணாச்சிதான் கடைக்கு அனுப்பாதீங்கன்னு சொன்னாரு. மானத்தோட இருக்கிற மனுஷன், சரி, கேப்போம்னு கேட்டேன்" என்றார் பாய்.

வெளியே வராந்தாவில் சம்பந்தி தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்.

"அப்ப அந்த ஊஞ்சல்?"

நிச்சயதார்த்தத்தன்று அவரை அதில் உட்கார வைத்து, இது நான் காரைக்குடியில் நின்று பார்த்து எடுத்தது என்று சொல்லியிருந்தேன். பலகையைத் தட்டிக்கூடக் காட்டினேன்.

"வீட்டுக்காரருதுங்க."

"நல்ல ஊஞ்சல்" என்றார். மகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று பார்த்தேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டார்.

உத்தரவு என் பக்கம் வந்தது. மனுதாரர் அந்த விலாசத்தில் வசிக்கவில்லை, சம்மன் முறைப்படி சேரவில்லை, வாதிக்கு அவருடைய கடை தெரியும். ஆனாலும் இந்தக் குழப்பத்துக்கு மனுதாரரும் காரணம் என்பதால் வாதிக்குச் செலவுத்தொகை கட்ட வேண்டும். கட்டினேன். தீர்ப்பு ரத்தாகி, வழக்கு முதலிலிருந்து நடக்கும் என்று ஆனது. படி இப்போதைக்கு நிற்கும். ஜெயித்தவனோடு எல்லோரும் கைகுலுக்குவார்கள். என்னிடம் யாரும் வரவில்லை, பாயைத் தவிர. அன்று ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு வந்தார்.

"அண்ணாச்சி, பிராதுல விலாசத்தைத் திருத்தணுமாம். நம்ம வக்கீல் கேக்கறாரு. இப்பவாவது சரியாச் சொல்லுங்க."

சொன்னேன். ஆஸ்பத்திரி முனை, கறிக்கடை, அதைத் தாண்டி இடப்பக்கம் மூன்றாவது சந்து, மாடிப்படிக்குக் கீழே கதவு.

பாய் எழுதுவதை நிறுத்தினார். "எங்க அம்மா அதுக்கு அடுத்த சந்துலதான் கீறாங்க. தினம் ராத்திரி கடை மூடிட்டு அங்க போய்த்தான் நான் சாப்பிடறேன். இத்தினி வருஷமா ஒரே வழியிலயா போய்க்கினு இருந்தோம்?" என்று கேட்டவர், சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "வாங்க, வண்டியில விட்டுடறேன்."

மறுக்கத் தெரியாமல் அவர் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரி முனை வந்தது. இனி மறைக்க ஒன்றும் இல்லை, விலாசத்தைக் கோர்ட்டிலேயே எழுதிக் கொடுத்தாகிவிட்டது.

"இங்கேயே நிறுத்துங்க பாய்" என்று என் வாய் சொல்லிவிட்டது. "இங்கே ஒரு ஆளைப் பார்க்கணும்."

அவர் நிறுத்தினார். "சரி அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு, நான் போகவேண்டிய திசையிலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். அவருடைய விளக்கு சந்துக்குள் திரும்பி மறையும்வரை முனையிலேயே நின்றிருந்தேன்.