நான் பசிக்கிறேன்

பிரான்சிலிருந்து வந்து இருபது வருடம் காரைக்கால் மடத்தில் இருந்தும், சிஸ்டர் மார்த் "நான் பசிக்கிறேன்" என்றுதான் சொல்வார். பிரெஞ்சில் பசியைச் சொல்ல 'நான்' என்றே தொடங்க வேண்டும். அது தமிழிலும் ஒட்டிக்கொண்டது. ஊரோ, "என்னா அழகாத் தமிழ் பேசுறீங்க!" என்று பல்லிளிக்கும். திருத்த ஒருவருக்கும் வாயில்லை.

எழுபத்தெட்டாம் வருடம் இலக்கணம் சொல்லித்தர ஜெயமேரி டீச்சர் வந்தார். சிஸ்டர் அதைக் கரைத்துக் குடித்தார். பரீட்சையில், "எனக்குப் பசிக்கிறது" என்று பிழையில்லாமல் எழுதினார். டீச்சர் பூரித்துப்போனார்.

தாளை நீட்டிய கையோடு சிஸ்டர் சமையலறைப் பக்கம் திரும்பி, "அந்தோணிமேரி, நான் பசிக்கிறேன்!" என்றார்.

"இதோ வந்துட்டேன் சிஸ்டர்!" ரொட்டியும் காபியும் ஓடி வந்தன.

டீச்சர் சமையல்காரியை முறைத்தார்.

"இருவது வருசமா அந்தத் தப்புக்குச் சோறு போட்டு வளக்குறதே நீங்கதானக்கா!"