நடுவரி

எங்கள் விளம்பர ஆபீசில் அவளை ‘மூணுவரி’ என்றுதான் கூப்பிடுவோம். அவள் விளம்பர வாசகம் எழுதுவாள், பக்கத்து நாற்காலியில் நான் அதற்குப் படம் செய்வேன். முதல் வரியில் பிரச்சினை, நடுவரியில் அதைக் கொஞ்சம் கிளறுவது, கடைசியில் தீர்வு. ஃபோனில் விரல் தள்ளிவிடுவதற்குள் மூன்றும் முடிந்திருக்க வேண்டும். எழுதும்போது தெரிந்த ஒருவரை மனசுக்குள் எதிரே உட்கார வைத்துக்கொள்வது அவள் பழக்கம்.

குளியலறை விரிப்புக்கு விளம்பரம் வந்தது. நல்ல பொருள், வழுக்கவே வழுக்காது. அவள் முதலில் எழுதியது இது:

“ஈரத் தரையில் கால் வழுக்குகிறதா? சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் குளிக்கிறீர்களா? இந்த விரிப்பு தரையை விடாது.”

முதலாளி உதட்டைப் பிதுக்கினார். “நடுவரி சப்புன்னு இருக்கும்மா. படிச்சா வயித்தைக் கலக்கணும்.”

அன்றைக்கு அவள் எதிரே உட்கார வைத்தது தன் அம்மாவை. ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில் தனியாக இருப்பவர். நடுவரி மாறியது: “விழுந்தால், நீங்கள் கூப்பிடுவது யாருக்குக் கேட்கும்?”

விரிப்பு விற்றுப் பறந்தது. முதலாளி கேக் வாங்கினார். நானும் வெட்கமில்லாமல் இரண்டு துண்டு தின்றேன்.

அடுத்த ஞாயிறு அவள் அம்மாவைப் பார்க்கப் போனாள். குளியலறையில் அதே விரிப்பு. ஆனால் தரை காய்ந்து கிடந்தது. அம்மா ஒரு வாரமாகக் கட்டிலில் உட்கார்ந்து ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொள்கிறாராம்.

“அதான் விரிப்பு வாங்கிட்டியேம்மா, அப்புறம் என்ன பயம்?”

“வழுக்காதுடி. ஆனா மயக்கம் வந்தா? கூப்பிட்டா யாருக்குக் கேட்கும்?” அம்மா ஃபோனை நீட்டினார். “இதை எழுதினவங்க என்னைப் பார்த்த மாதிரியே எழுதியிருக்காங்க பாரு.”

அவள் ஃபோனை வாங்கித் தன் நடுவரியையே படித்தாள்.

திங்கட்கிழமை முதலாளி முன்னால் போய் நின்றாள். “வழுக்கறதுக்குத்தான் சார் நம்மகிட்ட விரிப்பு இருக்கு. தனியா இருக்கறதுக்கு நம்மகிட்ட என்ன இருக்கு? தீர்வு இல்லாத பயத்தைக் கிளறிட்டோம். அந்த வரியை எடுத்துடலாம்.”

“ஓடற விளம்பரத்துல கைவைக்கச் சொல்றியே, உனக்கென்ன ஆச்சு?” என்றார் அவர். எடுக்கவில்லை. அந்த வரி பதித்த படத்தை நானாவது அழித்திருக்கலாம். வேலை போய்விடுமே என்று குனிந்து உட்கார்ந்திருந்தேன். எடுத்திருந்தாலும் என்ன, அம்மா படித்தாகிவிட்டது.

தன்னோடு வந்துவிடச் சொல்லிப் பார்த்தாள்; அம்மா வீட்டை விட்டு வர மாட்டார். அதனால் இப்போது ஞாயிறுதோறும் போகிறாள். அம்மா குளிக்கும்போது கதவுக்கு வெளியே நிற்கிறாள். இரண்டு சொம்பு ஊற்றியதும் உள்ளிருந்து குரல் வரும்.

“இருக்கியா?”

“இருக்கேம்மா.”

வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அம்மா குளிக்கிறார்.