அரை அடி பின்னால்

நோயாளி எழுந்து நடந்தால் அவருக்கு அரை அடி பின்னால் அவளும் நடப்பாள். இருபத்திரண்டு வருடப் பழக்கம் அது. கையால் தொடமாட்டாள். "அப்படித்தான், அப்படித்தான்" என்று வாய் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே வரும். உடற்பயிற்சி சிகிச்சைப் பிரிவில் உதவியாளர் வேலை. இடுப்பு உடைந்தவர்களையும் பக்கவாதம் வந்தவர்களையும் இப்படித்தான் நடக்க வைத்திருக்கிறாள். கடைத்தெருவில் முன்னால் போகிறவர் லேசாகத் தடுமாறினாலும் இவள் வாய் அசைந்துவிடும். கணவர் தலையில் அடித்துக்கொள்வார். "ஊர் முட்டியெல்லாம் பாத்துக்கிறே, உன் முட்டிக்கு யாரு பின்னாடி நடப்பா?"

ஓய்வு பெற மூன்று வருடம் இருக்கும்போது அவளை இரண்டாவது மாடிக்கு மாற்றினார்கள். முட்டி வலிக்கு ஒரு புது மாத்திரையைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வு அங்கே நடந்தது. அவளுக்கு ஒரே வேலை. முப்பது மீட்டர் நடைபாதை, இரண்டு முனையிலும் ஆரஞ்சு நிறக் கூம்பு, ஓரத்தில் அவள் உட்கார ஒரு நாற்காலி, கையில் நிறுத்துக் கடிகாரம். ஆறு நிமிடத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளந்து எழுத வேண்டும். ஒரே வாரத்தில் மாடி முழுக்க அவள் 'மீட்டர் அக்கா' ஆகிவிட்டாள்.

வந்தவர்களில் பாதிப் பேருக்கு அசல் மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை. நிறம், அளவு, கசப்பு எல்லாம் ஒன்றுதான். யாருக்கு எது என்பது அவரவர் எண் எழுதி ஒட்டி வைத்த உறைக்கு மட்டும் தெரியும். நோயாளிக்குத் தெரியாது, டாக்டருக்குத் தெரியாது, மீட்டர் அக்காவுக்கும் தெரியாது.

தெரியாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஆனால் அவள் கண்ணை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவள் இல்லை. சம்மதப் படிவத்தில், இந்த மருந்தால் வாய் வறளலாம், தலை லேசாகச் சுற்றலாம் என்று எழுதியிருந்தது. நடப்பதற்கு முன் யாராவது "சிஸ்டர், கொஞ்சம் தண்ணி இருக்கா? வாய் ஒட்டிக்குது" என்று கேட்டால், குறிப்பேட்டில் அவர் எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். அசல் கிடைத்தவர் இவர் என்று அர்த்தம். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள்.

அப்படிப் புள்ளி வாங்கியவர்தான் தையல்காரர். அறுபத்தொரு வயது, நாற்பது வருடமாக மிதி மெஷின். முதல் நாள் முன்னூற்றுப் பத்து மீட்டர் நடந்து, சுவரில் சாய்ந்து நின்றார். பன்னிரண்டாவது வாரம் முன்னூற்று எழுபத்திரண்டு. வலிக்கு நூற்றுக்கு எழுபது என்று சொல்லிவந்தவர் முப்பத்தைந்து என்றார்.

"மாஸ்டர், மாத்திரை பேசுது!" என்றாள் அவள்.

"பேசுறதா? பாடுது சிஸ்டர்! நேத்து என் பொண்ணு வீட்டு மாடிப்படியை ஒரே மூச்சுல ஏறிட்டேன். மருமகன் மூஞ்சி தொங்கிப்போச்சு. இனிமே அடிக்கடி வருவேன்னு பயம்."

பத்து நாள் கழித்து அவரைத் தூக்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வந்தார்கள். முகம் வீங்கி மூச்சு இழுத்தது. ஆய்வு மாத்திரையால் வந்ததா என்று தெரிந்தால்தான் வைத்தியம் பார்க்க முடியும் என்று அவருடைய உறையை மட்டும் பிரித்தார்கள். மருந்தில்லாத மாத்திரை. அன்று காலை பல் வலிக்குக் கடையில் வாங்கிப் போட்ட மாத்திரைதான் ஒத்துக்கொள்ளவில்லை. பிழைத்துக்கொண்டார். ஆனால் உறைக்குள் இருந்ததை அவசரப் பிரிவு டாக்டர் அவரிடமே சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் மீட்டர் அக்கா வார்டுக்குப் போனபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வெறும் மாவு மாத்திரைக்கா நான் அந்தக் குதி குதிச்சேன்? அப்ப என் வலி நடிப்பா சிஸ்டர்?"

"வலி நிஜம் மாஸ்டர். குறைஞ்சதும் நிஜம். நல்லாயிடும்னு நம்புனா உடம்பு வலியைக் கொஞ்சம் அடக்கிக்குமாம். மருந்து இல்லாம வாய் வறண்டுச்சே, அதுவும் அந்த மாதிரிதான்."

"வலியை விடுங்க. அது நான் வாயால சொன்னது. தூரம்? அது கடிகாரம் வச்சு நீங்க அளந்ததாச்சே. அறுபத்திரண்டு மீட்டர் எங்கிருந்து வந்துச்சு?"

பன்னிரண்டாவது வாரம் அவர் நடந்தபோது தான் எங்கே இருந்தோம் என்று யோசித்தாள். நாற்காலியில் இல்லை. அவருக்கு அரை அடி பின்னால் இருந்தாள்.

அன்று மாலை குறிப்பேட்டை விரித்துவைத்துக் கூட்டிப் பார்த்தாள். புள்ளி வைத்தவர்கள் பத்தொன்பது பேர். சராசரியாக ஐம்பது மீட்டர் ஏறியிருந்தார்கள். புள்ளி இல்லாதவர்கள் பதினைந்து மீட்டர். சுவரில் ஒட்டிய அட்டையில், நடக்கிறவருக்குப் படித்துக்காட்ட நிமிடத்துக்கு ஒரு வாக்கியம் இருந்தது. அதை மட்டும் படி, கூட நடக்காதே என்று பயிற்சியிலேயே சொன்னார்கள். புள்ளி இல்லாதவர்களுக்கு அவள் அட்டையை ஒழுங்காகப் படித்தாள். புள்ளி உள்ளவர்கள் பின்னால் காலே தானாகப் போயிருக்கிறது. ஒரு பொய் எண்கூட எழுதவில்லை. ஆனாலும் எழுதிய எதையும் நம்ப முடியவில்லை.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. பென்சில் புள்ளியை அழிக்க அரை நிமிடம் போதும். சொன்னால் மிச்சமிருக்கும் மூன்று வருட வேலை போச்சு, பேரும் போச்சு. இரண்டு நாள் ஒரு ரப்பரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தாள். அவளை அரித்தது தையல்காரரின் கேள்வி மட்டும் இல்லை. இந்த எண்களை நம்பி நாளைக்கு எத்தனை பேர் இந்த மாத்திரையை விழுங்குவார்கள் என்பதும்தான்.

மூன்றாவது நாள் குறிப்பேட்டை ஆய்வு டாக்டரம்மாவின் மேஜையில் வைத்தாள். டாக்டரம்மா பக்கம் பக்கமாகப் புரட்டினார். திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"நம்பிக்கையால வர்ற முன்னேற்றம் ரெண்டு பக்கமும் வரும்க்கா. வலி உச்சத்துல இருக்கும்போதுதான் ஆய்வுக்கு வர்றாங்க, அதுவும் தானா கொஞ்சம் இறங்கும். ரெண்டு பக்கமும் ஒரே அளவு வந்தா கழிச்சிடலாம். மிச்சம்தான் மருந்து. நீங்க எல்லார் பின்னாடியும் நடந்திருந்தாக்கூடப் பரவாயில்ல. ஆளைப் பாத்து நடந்திருக்கீங்களே."

"வேணும்னு செய்யலம்மா."

"தெரியும். வேணும்னு செய்றவங்களுக்காக மட்டும் உறையை ஒட்டி வைக்கல. நம்மளை மாதிரி ஆளுங்களுக்காகவும்தான்."

"அப்ப மருந்து வேலை செய்யுதா, இல்லையா?"

"இந்தத் தூரக் கணக்கை வச்சு இனிமே சொல்ல முடியாது. புள்ளி வாங்கினவங்கள்ல அசல் சாப்பிட்டவங்களும் இருக்கலாம். எவ்வளவு மருந்து, எவ்வளவு நீங்கன்னு எப்படிப் பிரிக்கிறது?"

ஆய்வைக் கண்காணிக்கும் கமிட்டிக்குக் கடிதம் போனது. அவள் அளந்த தூரம் முழுவதையும் முக்கியக் கணக்கிலிருந்து விலக்கி, காரணத்தோடு தனியாகக் காட்டச் சொன்னார்கள். பன்னிரண்டு வாரம் முடிந்துபோனவர்களை மறுபடி நடக்க வைக்க வழியில்லை. இனி வருகிறவர்களை அளக்க வேறு ஒருவர் வந்தார். நோயாளியிடம் அட்டையில் இருப்பதைத் தவிர ஒரு சொல் பேசமாட்டார், தண்ணீர் கேட்டால்கூட வெளியே கை காட்டுவார். மீட்டர் அக்கா கீழே பழைய பிரிவுக்கே திரும்பிப் போனாள்.

மறுபரிசோதனைக்கு வந்த அன்று தையல்காரர் கீழே அவளைத் தேடி வந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேட்கணும் சிஸ்டர். அன்னிக்கு நடந்தது நானா, நீங்களா?"

"உடம்பு தேறட்டும் மாஸ்டர். நாற்காலியை விட்டு எழுந்திருக்காம, வாயைத் திறக்காம ஒரு தடவை அளக்கிறேன். உங்க காலோட தூரம் எவ்வளவுன்னு தெரிஞ்சிடும்."

உடம்பு தேறியதும் அவர் இரண்டு முறை வந்தார். ஒரு முறை பிரிவில் கூட்டம் என்றாள். இன்னொரு முறை கடிகாரம் மேலே இருக்கிறது என்றாள். இரண்டும் உண்மைதான். அதைவிடப் பெரிய உண்மை ஒன்று இருந்தது. முன்னூற்றுப் பத்தில் அவர் நின்றுவிட்டால், அந்த எண்ணை அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? முன்னூற்று எழுபது வந்தாலும், மாத்திரையும் தானும் இல்லாமல் அது எங்கிருந்து வந்தது என்று என்ன பதில் சொல்வது?

போன மாதம் அவள் ஓய்வு பெற்றாள். தையல்காரர் இப்போதும் மெஷின் மிதிக்கிறார். கடைக்குத் துணி கொண்டுவருகிறவர்களிடம், "அந்த சிஸ்டர் எனக்கு ஆறு நிமிஷம் பாக்கி வச்சிருக்காங்க" என்று சொல்கிறாராம். அவள் இன்னும் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை.