பத்து மைனஸ் பன்னிரண்டு மீன்

சிதம்பரம் கீழவீதியில் நடனசபாபதியைத் தெரியாதவர்கள் உண்டு. அவர் இருக்கும்போதே அவரைக் கவனிக்காதவர்கள் அதைவிட அதிகம். அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து எழுத்தராகவே ஓய்வு பெற்றவர். தன் வேலைக்காலம் முழுக்க ஒரு கடிதத்தைக்கூட அவர் சொந்தமாக எழுதியதில்லை. எது வந்தாலும் பழைய கோப்பைத் தேடி எடுத்து, அதே மாதிரி எழுதிவிடுவார். மாற்றலாகிப் போன அதிகாரி ஒருவரின் பெயர் அந்த அலுவலகக் கடிதங்களில் வெகுகாலம் வாழ்ந்ததற்கு அதுதான் காரணம். புது அதிகாரி கேட்டபோது, "முன்மாதிரி அப்படித்தாங்க சார் இருக்குது" என்றார். அதற்குமேல் அவரை யாரும் எதுவும் கேட்டதில்லை.

இந்த மனிதருக்கு ஒரு ஆசை இருந்தது. நடிக்க வேண்டும். தெருவில் போட்ட நாடகங்களில் எல்லாம் அவர் இருந்தார், கையில் ஈட்டியோடு. "மன்னா, தூதுவர் வந்திருக்கிறார்" என்பதுதான் அவருக்குக் கிடைத்த மிக நீளமான வசனம். அதையும் முந்தைய வருஷம் நின்ற காவலாளி எப்படிச் சொன்னாரோ அப்படியே சொன்னார்.

ஓய்வு பெற்ற பிறகு அந்த ஆசைக்கு ஒரு வழி பிறந்தது. கூட வேலை பார்த்தவரின் மகன் கௌரிசங்கர், கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஃபிளெக்ஸ் கடைக்கு மேலே ஒரு கார்ட்டூன் ஸ்டூடியோ வைத்திருந்தான். வயது முப்பதைத் தொடவில்லை, ஆனால் பேச்சில் உலகத்தின் பாதிப் படங்களை அவன்தான் எடுத்தான் என்று தோன்றும். சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக அவன் செய்துகொண்டிருந்த படத்தில் ஒரு பூனை. பெயர் தணிகாசலம். துறைமுகத்தில் கருவாட்டுக்குக் காவல் இருக்கிற உத்தியோகம். காவலை எவ்வளவு நேர்மையாகச் செய்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தப் பூனைக்கு வயதான, குழைகிற குரல் ஒன்று வேண்டியிருந்தது. கௌரிசங்கருக்கு அப்பாவின் நண்பர் ஞாபகம் வந்தது.

கார்ட்டூன் தொழிலில் ஒரு நடைமுறை உண்டு. முதலில் படத்தைக் கோட்டோவியங்களாக வரைந்து வரிசையாக ஓடவிட்டுப் பார்ப்பார்கள். ஒவ்வொரு காட்சியும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று தெரிய, வசனம் காதில் விழவேண்டும். நடிகர்களை அவ்வளவு சீக்கிரம் கூப்பிட முடியாது, வசனமே நாளுக்கு நாள் மாறும். அதனால் வசனத்தை கம்ப்யூட்டரில் டைப் அடித்து, மெஷின் குரலில் பேசவைத்து ஒட்டிக்கொள்வார்கள். இதற்கு ஸ்க்ராட்ச் என்று பெயர். பஸ் ஜன்னல் வழியாகப் போட்டுவைக்கிற துண்டு மாதிரிதான். ஆள் வந்ததும் துண்டை எடுத்துவிட வேண்டும். பிறகு நடிகரின் பேச்சுக்கு ஏற்றபடி காட்சிகளைக் கூட்டிக் குறைத்து, அதற்கப்புறம்தான் வாயசைவை வரைவார்கள்.

கௌரிசங்கர் அந்தத் துண்டை இரண்டு மாதம் கேட்டான். காலையில் கேட்டான், மாலையில் கேட்டான், ஒவ்வொரு காட்சியை வெட்டும்போதும் கேட்டான். கேட்டுக் கேட்டு அதன்மேல் அவனுக்கு ஒரு பாசமே வந்துவிட்டது. அது எங்கே நிறுத்துகிறதோ அதுதான் சரியான நிறுத்தம், எங்கே இழுக்கிறதோ அதுதான் நடிப்பு. ஒருநாள் அந்த ஒலியை அப்படியே நடனசபாபதிக்கு வாட்ஸப்பில் அனுப்பி, கீழே எழுதினான்: "இதே மாதிரி வேணும் சார்."

யாரிடம் எதைச் சொன்னோம் என்று அவனுக்குத் தெரியாது. மாதிரி கேட்டே வாழ்ந்த மனிதருக்கு மாதிரி கிடைத்துவிட்டது.

நடனசபாபதி காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு நான்கு வீதிகளையும் சுற்றிச் சுற்றி வந்தார். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், "சினிமால பேசப்போறேன், குரல் மட்டும்தான்" என்று சொன்னார். ஜவுளிக்கடைக்காரரிடம் சொன்னார், பூக்காரம்மாவிடம் சொன்னார், மகள் கார்த்யாயினியின் மாமியாருக்குப் போன் போட்டே சொன்னார். மெஷின் மூச்சு விடுவதில்லை, அதனால் அவரும் விடாமல் பழகினார். சிரிக்கிற இடத்தில் அது "ஹா. ஹா. ஹா." என்று மூன்று தனித்தனிச் சொற்களாக வாசித்தது, அவரும் மூன்று சொற்களாகச் சிரித்தார். கேள்வியை அது தகவலாகச் சொன்னது, அவரும் சொன்னார். சர்க்கரை நோய்க்காக நடக்கிறார் என்று மனைவி சிவகாமியம்மாள் நினைத்துச் சந்தோஷப்பட்டார். நடந்த நடைக்குச் சர்க்கரையும் குறைந்திருக்கும், அவர் வழியில் எங்கும் நிற்காமல் இருந்திருந்தால்.

ஒலிப்பதிவு நாளில் கௌரிசங்கர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். "பெர்ஃபெக்ட் சார். ஒரு செகண்டு கூட முன்ன பின்ன இல்ல" என்றான். படத்தைத் தொகுக்கிற இளவரசி மட்டும் தயங்கினாள்.

"கொஞ்சம் செத்த மாதிரி இருக்குல்ல?"

"அதான் கேரக்டரே" என்றான் கௌரிசங்கர். கேரக்டர் என்று சொல்லிவிட்டால் எந்தக் குறையும் கலையாகிவிடும்.

படம் சென்னைக்குப் போனது. அங்கே அதைப் பார்க்கவேண்டிய சந்திரலேகா மறுநாளே போன் செய்தார்.

"மத்த எல்லாருக்கும் நடிகர் குரல் போட்டிருக்கீங்க. பூனைக்கு மட்டும் ஏன் இன்னும் ஸ்க்ராட்ச் இருக்கு? ஃபைனல்ல மெஷின் குரல் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே இருக்கே."

"மேடம், அது நிஜ ஆளு."

"தம்பி, எந்த நிஜ ஆளு 'பத்து மைனஸ் பன்னிரண்டு மீன்'னு பேசுவாரு?"

கௌரிசங்கருக்குப் புரியவில்லை. வசனத்தை எடுத்துப் பார்த்தான். 'ஒரு 10-12 மீன் குறைஞ்சிருக்கும்' என்று அவனேதான் டைப் அடித்திருந்தான். நடுவில் கிடந்த கோட்டை மெஷின் கழித்தல் குறியாக எடுத்துக்கொண்டு வாசித்திருக்கிறது. நடனசபாபதியும் பக்தியோடு அதையே பேசியிருக்கிறார். இரண்டு மாதம் அதையே கேட்ட காதுகள், கௌரிசங்கருடையதும் இளவரசியுடையதும், எப்போதோ மரத்துப்போயிருந்தன.

"வெள்ளிக்கிழமைக்குள்ள மனுஷக் குரல் வரணும். இல்லன்னா இங்க எங்க ஆள வச்சுப் பேச வச்சுக்கறோம்" என்று சந்திரலேகா போனை வைத்துவிட்டார்.

விஷயத்தைக் கேட்ட நடனசபாபதி சோபாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக மாதிரிப்படி செய்ததற்காக ஒருவர் அவரைக் குற்றம் சொல்லியிருக்கிறார். அதுகூடப் பரவாயில்லை. கீழவீதி முழுக்கச் சொல்லியாகிவிட்டதே. படம் வந்து, பூனை வேறு யார் குரலிலோ பேசினால், நாளைக்கு எந்த முகத்தோடு பூக்காரம்மாவைத் தாண்டிப் போவது? மனசு விட்டுப்போனது அவருக்கு.

வெள்ளிக்கிழமை காலையில் கடலூருக்கு பஸ் ஏறினார். இறங்கியதும் நேரே ஸ்டூடியோவுக்குப் போகவில்லை. கலக்கமாக இருந்தால் இனிப்புக் கடைப் பக்கம் கால் போவது அவருக்கு வழக்கம். கலக்கம் இல்லாவிட்டாலும் போகும்.

பதிவு அறைக்குள் மைக் முன்னால் நின்றார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கௌரிசங்கரும் இளவரசியும்.

"சார், அந்த ஸ்க்ராட்ச சுத்தமா மறந்துடுங்க. இயல்பா பேசுங்க" என்றான் கௌரிசங்கர்.

"சரி தம்பி. இயல்புன்னா எது மாதிரி?"

"எது மாதிரியும் இல்ல சார். உங்க மாதிரி."

"அதுக்கு எதுனா சாம்பிள் இருக்குதா?"

பேசினார். மெஷின் வந்தது. மறுபடி பேசினார். ஈட்டியோடு நிற்கிற காவலாளி வந்தார். இன்னொரு தரம் முயன்றபோது இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். இயல்பை விளக்குகிறேன் என்று கௌரிசங்கரே பேசிக் காட்டினான், அவர் உடனே கௌரிசங்கரைப் போலப் பேசினார். மதியம் ஆனது. கௌரிசங்கர் தலையில் கை வைத்துக்கொண்டு, "சென்னைக்குச் சொல்லிடலாமா?" என்று இளவரசியிடம் மெதுவாகக் கேட்டான். மெதுவாகத்தான் கேட்டான், ஆனால் பதிவு அறையோடு பேசும் பட்டனிலிருந்து விரலை எடுக்க மறந்திருந்தான். ஹெட்போனில் அது நடனசபாபதிக்குத் தெளிவாகக் கேட்டது.

அப்போது பார்த்து அவர் கையிலிருந்த போன் அதிர்ந்தது. வசனத்தை அதில்தான் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். திரையில் சிவகாமி. எடுக்காமல் இருக்க முடியாது, அந்த வீட்டு வழக்கம் அப்படி. ஒரு டேக்குக்கும் இன்னொன்றுக்கும் நடுவே இளவரசி பதிவை நிறுத்துவதில்லை. மைக் திறந்தே இருந்தது.

"என்னம்மா... யாரு, நானா? ஐயோ, என்ன பேச்சு பேசுற நீ" என்றார் நடனசபாபதி. குரல் சட்டென்று இறங்கி நெய்யாகக் குழைந்தது. "இனிப்பா? அந்தப் பக்கமே திரும்பிப் பாக்கலியே நானு." இங்கே ஒரு சின்ன மூச்சு, எச்சில் விழுங்குகிற சத்தம். "காபிகூட... ஹ, ஹஹ... சக்கர வேணாம்னு சொல்லிட்டேன், அவுங்க முகத்தயே ஒரு மாதிரி பண்ணிட்டாங்க. சத்தியமாம்மா. என்ன இவ்ளோ நாளா பாத்தும் சந்தேகப்பட்றியே, சொல்லு, நாயமா இது?"

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். சட்டைப்பையில் ஜாங்கிரி சுற்றிய தாளின் எண்ணெய்க் கறை தெரிந்தது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இரண்டு பேரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

இளவரசி அதை அவருக்கே போட்டுக் காட்டினாள். அவர் வெகுநேரம் கேட்டார், இது யார் என்பதுபோல.

"இத வெளிய விட்றமாட்டீங்களே?"

"மாட்டோம் சார்" என்றாள் இளவரசி. "ஆனா இதே மாதிரி வேணும்."

அவர் முகம் தெளிந்தது. கடைசியில் ஒரு மாதிரி கிடைத்துவிட்டது. அன்று மாலைக்குள் பூனையின் வசனம் முழுதும் முடிந்தது. "பத்து பன்னெண்டு மீன் கொறஞ்சிருக்கும், அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? வேணும்னா என் வாய மோந்து பாருங்க முதலாளி" என்று தணிகாசலம் சொன்னபோது, எடுத்தது பூனைதான் என்று தெரிந்த கௌரிசங்கருக்கே அதன்மேல் இருந்த சந்தேகம் போய்விட்டது. மெஷினைவிட அவர் நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். வாயசைவு இன்னும் வரையாததால் இளவரசி காட்சிகளை நீட்டிக்கொடுத்தாள். சந்திரலேகா கேட்டுவிட்டு, "இவர எங்கப்பா ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்றார். நான்தான் கண்டுபிடித்தேன் என்று கௌரிசங்கர் இன்றுவரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

படம் டிவியில் வெளியான ஞாயிற்றுக்கிழமை கீழவீதி வீட்டில் டிவி முன்னால் ஒரே கூட்டம். ஜவுளிக்கடைக்காரர் வந்திருந்தார், பூக்காரம்மா வந்திருந்தார். பூனை வாயைத் திறந்ததிலிருந்து எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நடனசபாபதி முதல்முறையாகத் தன் சொந்த வீட்டில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார்.

"வேணும்னா என் வாய மோந்து பாருங்க முதலாளி" என்றது தணிகாசலம்.

சிவகாமியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் குழைவு, அந்தச் சின்ன மூச்சு, எச்சில் விழுங்குகிற அந்தச் சத்தம். கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்டு வருகிற குரல் அது. அவர் டிவியைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் புருஷனைப் பார்த்தார்.

"ஏங்க, அன்னிக்கு கடலூர்ல என்ன தின்னீங்க?"

நடனசபாபதி வாயைத் திறந்தார். அந்தக் குரல் வரத்தான் பார்த்தது. ஆனால் இனி அந்தக் குரலில் என்ன சொன்னாலும் பூனைதான் பேசும்.

"ஜாங்கிரி. ரெண்டு" என்றார், ஏற்ற இறக்கம் இல்லாமல், மூச்சு விடாமல்.