இருட்டில் திரும்பிய வீடு

என் பொண்டாட்டி ஸ்கூல்ல டிராயிங் டீச்சர். நான் வேன் ஓட்டுறவன். கடையிலேர்ந்து ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் ஏத்திட்டுப் போய் வீட்டுல இறக்குவேன். காலி அட்டைப்பெட்டியைத் தூக்கிப்போடாதீங்கன்னு இவ சொன்னப்பவே எனக்குச் சந்தேகம்தான். ஒரே வாரத்துல எங்க ஹால்ல நடக்க இடமில்ல. சோறு திங்கக்கூட பெட்டியைச் சுத்திப் போகணும்.

காரணம், போன வருஷம் ஸ்கூல்ல இவ போட்ட நாடகம். காட்சிக்குக் காட்சி திரையை மூடி, உள்ள கட்டிலையும் மேஜையையும் தரதரன்னு இழுத்தாங்க. வெளிய உட்கார்ந்திருந்தவங்க பொறுமையில்லாம ஒவ்வொருத்தரா எழுந்து போயிட்டாங்க. கடைசிக் காட்சியில பாவம் பிள்ளைங்க காலி நாற்காலிக்கு முன்னாடி நடிச்சதுங்க. அம்மா வேஷம் போட்ட பொண்ணு மேடையிலேயே அழுதுடுச்சு. "இந்த வருஷமும் இழுத்தடிச்சா நாடகமே வேணாம், பேச்சுப் போட்டி வச்சுக்கலாம்"னு ஹெச்.எம். சொல்லிட்டாங்க. அன்னைக்கு இவ சாப்பிடவேயில்ல.

மேடை செட்டுக்குப் பணம் கேட்டதுக்கு ஸ்டோர் ரூமைக் காட்டினாங்களாம். சுவருக்கு அடிச்ச மிச்ச பெயிண்ட் இருந்துச்சு. அது போதும்னுட்டா மகராசி!

பெட்டிகளைப் பிரிச்சு, மூணு பக்கமா மடிச்சு, ஆள் உயரத்துக்கு நாலு தூண் செஞ்சா. ஒரு பக்கம் வீட்டுச் சுவர், ஒரு பக்கம் தெரு, இன்னொண்ணு ஆஸ்பத்திரி. நாலையும் வரிசையா நிறுத்தினா ஒரே படம். ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு பிள்ளை நின்னு திருப்பினா வீடு தெருவாயிடும். சத்தம் வராம வழுக்குறதுக்கு அடியில துணி வச்சுத் தைச்சா. என் துண்டெல்லாம் எங்க போச்சுன்னு அப்பதான் புரிஞ்சுது.

முதல் ஒத்திகையில ஒரே கூத்து. வீட்டுக்கு நடுவுல ஆஸ்பத்திரி ஜன்னல்! பின்னாடி நிக்கிற பிள்ளைக்கு முன்பக்கம் எந்தப் படம்னு எப்படித் தெரியும்? இவ யோசிச்சா. ஒரு பக்கம் ஜனங்களைப் பார்த்தா, மத்த ரெண்டு பக்கமும் சேர்ற முனை பிள்ளையைப் பார்க்கும். அந்த முனைக்கு வீடுன்னா சிவப்பு, தெருன்னா பச்சை, ஆஸ்பத்திரின்னா நீலம்னு பூசிவிட்டா. அப்புறம் ஒரு தப்பும் வரல. நானே கை தட்டினேன்.

நாடகத்தன்னைக்குத் தூண்களை நான்தான் வேன்ல கொண்டுபோனேன். ஹால் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத்துணி கட்டியிருந்தாங்க. தூணைத் திருப்புறப்ப விளக்கை அணைக்கிறதா ஏற்பாடு. சரி, ஒரு தடவை பார்த்துடலாம்னு இவ விளக்கை அணைக்கச் சொன்னா. அணைச்சதும் பிள்ளைங்க கத்துச்சுங்க: "டீச்சர், கலரே தெரியல!"

ஐயோ! ஒத்திகை முழுக்கப் பட்டப்பகல்ல நடந்திருக்கு. இருட்டுல சிவப்பும் கறுப்பு, பச்சையும் கறுப்பு. திரைக்கு வெளிய ஜனங்க வந்து உட்கார ஆரம்பிச்சுட்டாங்க.

"பேசாம லைட்டை அணைக்காம விடேன்"னேன்.

"வீடு தானா சுத்துறதைப் பார்த்துச் சிரிப்பாங்க, சும்மா இருங்க"ன்னு என் மேல பாய்ஞ்சா. கண்ணுல தண்ணி நிக்குது. ஒரு தூணைப் பிடிச்சபடி அப்படியே நின்னா. அதோட முனையில விரலை மேலேயும் கீழேயும் ஓட்டினவ, திடீர்னு திரும்பினா.

"என்னங்க, ஃப்ரிட்ஜ் கட்டுற கயிறு வேன்ல இருக்கா? டேப்பு?"

ஓடினேன். திரும்பி வர்றதுக்குள்ள கிராஃப்ட் ரூம்லேர்ந்து உப்புத்தாள் எடுத்து வச்சிருந்தா. சிவப்பு முனையில, கை படுற உயரத்துல மட்டும், கயிறு. பச்சையில சொரசொரன்னு உப்புத்தாள். நீலத்தை அப்படியே வழவழன்னு விட்டுட்டா. அவ வைக்க வைக்க நான் டேப்பு ஒட்டினேன்.

"கண்ணை மூடுங்க. எங்க, வீடு?" கயிறு நாலும் பிள்ளைங்க பக்கம் வந்துச்சு. "தெரு?" நாலு உப்புத்தாள். "ஆஸ்பத்திரி?" ஒண்ணுகூடப் பிசகல.

நாடகம் ஆரம்பிச்சுது. காணாமப்போன பிள்ளையைத் தேடி அம்மா வீட்டைவிட்டு ஓடுற இடம். விளக்கு அணைஞ்சுது. சத்தமே இல்ல. மூச்சு விட்டு முடிக்கிறதுக்குள்ள விளக்கு வந்துச்சு. அம்மா அதே இடத்துல நிக்கிறா, ஆனா நடுத்தெருவுல! ஹால் முழுக்க "ஆ"ன்னுச்சு. என் பக்கத்துல இருந்த ஆளு, "எப்படிய்யா?"ன்னான். "என் பொண்டாட்டி வேலை!"ன்னு நாலு வரிசைக்குக் கேக்குற மாதிரி சொன்னேன். சொல்லுவேன், எனக்கென்ன வெக்கம்?

ஆஸ்பத்திரியும் அப்படித்தான் வந்துச்சு. கடைசிக் காட்சியில ஒரு நாற்காலிகூடக் காலியில்ல. போன வருஷம் அழுத அதே பொண்ணுதான் அம்மா. இந்தத் தடவை அது அழுதப்ப ஹாலே சேர்ந்து அழுதுச்சு.

முடிஞ்சதும் ஹெச்.எம். மேடைக்குப் பின்னாடி வந்தாங்க. பிள்ளைங்க விஷயத்தைச் சொல்லியிருக்கும்போல, கண்ணை மூடிக்கிட்டு ஒரு தூணோட கயித்தைத் தடவினாங்க.

"இது வீடுதானே?"

"ஆமா மேடம்."

"அடுத்த வருஷ நாடகத்துக்கு என்ன வேணும்?"

இவ என்னைப் பார்த்துக்கிட்டே சொன்னா:

"நாலு துண்டு மேடம்."