சாம்பசிவனின் கள்ளக்கடல்

கரமனை அக்ரஹாரத்துச் சாம்பசிவனுக்குக் கடல் என்றால் சுனாமி. வேறு அலைகளும் உண்டு என்பதை ஏதோ காலேஜில் படித்திருந்தார்; பரீட்சை முடிந்ததும் பெருந்தன்மையோடு மறந்துவிட்டார். திருவனந்தபுரத்தில் ஒரு கடலோரக் கட்டுமானக் கம்பெனியில் அலை நிபுணர் வேலை. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், "ஆழத்தை ஈர்ப்பு விசையால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கோ, அதான் அலையின் வேகம். நாலு கிலோமீட்டர் ஆழத்திலே ஏரோப்பிளேன் மாதிரி வரும்" என்று பேசிப் பேசிப் பெயர் வாங்கியவர். பொன்னாடைகள் ஒரு அலமாரியை அடைத்துக்கொண்டிருந்தன. அவர் மனைவி அனந்தலக்ஷ்மி அவற்றை வைத்து ஜன்னலுக்குத் திரை தைத்துவிட்டாள்.

விழிஞ்ஞத்துக்குத் தெற்கே ஒரு சின்ன மீன் இறங்குதுறைக்குக் கம்பெனி கடலடியில் கல் அடுக்கிக்கொண்டிருந்தபோது, தெற்கே ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பெரும் புயல் என்று செய்தி வந்தது. அந்தப் புயலின் அலை திடீரென்று கரையேறினால் அதற்கு இங்கே கள்ளக்கடல் என்று பெயர். சாம்பசிவன் கால்குலேட்டரை எடுத்தார். வர்க்கமூலம், ஏரோப்பிளேன், ஆச்சு. "விடிகாலை வந்துடும், எல்லாரையும் கரையேத்துங்கோ!" என்று உத்தரவு போட்டார்.

மிதவைப் பலகை, காற்றுக் குழாய், கடலுக்குள் முங்கிக் கல் அடுக்கும் முங்கு ஆட்கள் எல்லாம் கரையேறின. விடிந்தது. கடல் பூனைக்குட்டி மாதிரி படுத்துக் கிடந்தது. மத்தியானமும் அப்படியே. முங்கு ஆட்களின் தலைவர் யோசுவா, களியிக்காவிளைக்காரர், வாய்க்குப் பூட்டே கிடையாது. "சாரே, உங்க ஏரோப்பிளேன் லேட்டாக்கும்?" என்றார். கரையே சிரித்தது. மேனேஜர் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசம். மறுநாளே வேலை தொடங்கிற்று.

நாலைந்து நாள் சாம்பசிவன் யார் முகத்திலும் முழிக்கவில்லை. அப்புறம் ஒரு காலையில், ஆழ்கடல் மிதவை அனுப்பிய அளவுகளைப் பார்த்தவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். அலையின் உயரம் முழங்கால் அளவுகூட இல்லை. ஆனால் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவே இருபது வினாடி இடைவெளி!

அட மடையா, என்று தன்னையே திட்டிக்கொண்டார். சுனாமியின் அலைநீளம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். அதற்கு நாலு கிலோமீட்டர் கடலும் கணுக்கால் தண்ணீர்தான். அதனால் ஆழம் அதன் வேகத்தைத் தீர்மானிக்கும். காற்று கிளப்பிய இந்த அலைக்கு நீளமே அரை கிலோமீட்டர் சொச்சம். அதில் பாதி ஆழத்துக்குக் கீழே தண்ணீர் அசைவதுகூட இல்லை. தரை இருக்கிறதா இல்லையா என்றே அதற்குத் தெரியாது. அதன் வேகம் அதன் நீளத்தைப் பொறுத்தது: நீளமானது முந்தும், குட்டையானது பிந்தும். கூட்டமாக வரும்போது அந்தக் கூட்டத்தின் வேகம் தனி முகட்டின் வேகத்தில் பாதிதான். ஏரோப்பிளேன் இல்லை, டவுன் பஸ். ஆறாயிரம் கிலோமீட்டர் வர அஞ்சாறு நாள் ஆகும். முந்தி வந்திருக்கும் இந்த ஒல்லி நெட்டைகள் வெறும் தூதுவர்கள். படை பின்னால் வருகிறது.

யோசுவாவுக்குப் போன் போட்டார். "இன்னும் ஏரோப்பிளேனா சாரே? மச்சினன் ஷாஜி கடலுக்கடியிலே கெடக்கான், வேலை நடக்கட்டு" என்று வைத்துவிட்டார் யோசுவா.

சாம்பசிவன் ஸ்கூட்டரைக் கிளப்பினார். துறையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள், மரியாதைக்கு அல்ல, வேடிக்கைக்கு. அவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இத்தனை வருஷம் மைக்கில் சங்கடமே இல்லாமல் பேசிய நாக்கு.

"யோசுவா, அன்னிக்கு நான் தப்புக் கணக்குப் போட்டேன். சுனாமிக் கணக்கைப் புயல் அலைக்குப் போட்டுட்டேன். எனக்குத் தெரியலே, அவ்வளவுதான். இப்போ நெஜமாவே வர்றது. ஆழத்திலே இருக்கிறவரை அதுக்குத் தரை தெரியாது. இங்கே வந்து தரை தட்டினதும் முன்னாலே போற முகடு மெதுவாகும், பின்னாலே வர்றது நெருங்கும், நீளம் சுருங்கும், உயரம் ஏறும். ஷாஜியை ஏத்துங்கோ. இந்தத் தடவையும் பொய்யானா என்னைத் தூக்கிக் கடல்லே போடுங்கோ."

யோசுவா அவரை ஏற இறங்கப் பார்த்தார். காற்றுக் குழாயோடு கட்டிய கயிற்றை மூன்று தரம் இழுத்தார். ஷாஜி மேலே வந்து முகமூடியைக் கழற்றி, "எந்து பற்றி அளியா? என்னாச்சு மச்சான்?" என்று மலையாளமும் தமிழுமாகச் சலித்துக்கொண்டான்.

மத்தியானம், தினசரி நீர் ஏற்றமும் சேர்ந்துகொள்ள, காற்றே இல்லாத கடல் எழுந்து வந்தது. சத்தமில்லாமல் வீங்கி, துறை வாசலில் மதில் உயரத்துக்கு நிமிர்ந்து, மிதவைப் பலகையைத் தூக்கி, ஷாஜி கல் அடுக்கிக்கொண்டிருந்த இடத்திலேயே போட்டு உடைத்தது. இரண்டாவது அலை அடுக்கிய கல்லையே புரட்டியது. மேட்டில் நின்ற ஷாஜி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மேனேஜர் போனில் உற்சாகமாகப் பாராட்டினார். அடுத்த மாசம் கள்ளக்கடல் பற்றி ஒரு சொற்பொழிவு வைக்கலாமாம், பொன்னாடையோடு. சாம்பசிவன் போனை வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்தார். பயம் இப்போதுதான் வந்து சேர்ந்தது. யோசுவா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பீடியை நீட்டினார். பிறந்ததிலிருந்து பீடி தொடாத சாம்பசிவன் அதை வாங்கிக்கொண்டார்.

"எதுக்கு நம்பினேள்?" என்று கேட்டார்.

"தெரியலேன்னு சொன்னீங்கல்லா சாரே. அன்னைக்கு அதைச் சொல்லலியே."